ஐந்தைந்தாக இறங்கும் பாட்டு

குளோரியா கெய்னர் 1978-இல் பாடிய 'ஐ வில் சர்வைவ்' பாட்டு முழுக்க ஒரே கார்டு வரிசைதான்: ஏ மைனர், டி மைனர், ஜி, சி, எஃப், பி, இ, மறுபடி ஏ மைனர். ஏ-யிலிருந்து ஏ, ஜி, எஃப், இ, டி என்று கீழ்நோக்கி எண்ணுங்கள். ஐந்தாவது சுரம் டி, அதுவே அடுத்த கார்டு. வரிசை முழுக்க இதே கணக்கு.

அடிச்சுரம் இப்படித் தாவினாலும் மேலே விரல்கள் அதிகம் நகர்வதில்லை. டி மைனர் செவன்த்தில் டி, எஃப், ஏ, சி. அடுத்த ஜி செவன்த்துக்கு டி, எஃப் அப்படியே இருக்கும். ஏ, ஜி-க்கும் சி, பி-க்கும் ஒரு படி இறங்கினால் போதும். வழுக்கிச் செல்லும் உணர்வு இதிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு கார்டையும் அடிச்சுரத்திலிருந்தே புதிதாகக் கட்டி வாசித்தால் கை குதிக்கும், ஓட்டமும் அறுபடும். புதிதாகக் கற்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

ஓரிடத்தில் மட்டும் சின்னத் தந்திரம். மற்ற இறக்கங்களெல்லாம் ஏழு அரைச்சுரம். எஃப்-இலிருந்து பி-க்கு ஆறுதான். அங்கும் ஏழு இறங்கினால் பி ஃப்ளாட் வந்து, பாட்டு தன் சுருதியை விட்டு வெளியேறத் தொடங்கிவிடும்.