நியூயார்க்கின் ஒன்பது மணி

தென்காசியில் ஒரு வீட்டின் மாடி அறை. மேசைமேல் லேப்டாப், எதிர்ச் சுவரில் தினசரி காலண்டர். நியூயார்க்கில் ஒரு மரச்சாமான் கடைக்கும் லண்டனில் ஒரு சிறு பதிப்பகத்துக்கும் இங்கிருந்தபடியே இணையதளம் பராமரிக்கிறார் ஒரு பெண். ஆறு வருடமாக இதுதான் பிழைப்பு. இரண்டு ஊருக்கும் அவர் போனதில்லை. ஆனால் அங்கே இப்போது மணி என்ன என்று கேட்டால் யோசிக்காமல் சொல்கிறார்.

"வேலையில தப்பு வந்தா திருத்திடலாம். ஒருத்தரைக் காக்க வெச்சதை எப்படித் திருத்துறது?" என்கிறார். அப்படிக் காக்க வைத்த ஒரு நாள் அவருக்கு உண்டு: 2025 மார்ச் 10, திங்கட்கிழமை.

மரச்சாமான் கடைக்காரருடன் வாராவாரம் திங்களன்று காலை 9 மணிக்கு, அதாவது நியூயார்க் நேரப்படி, பேச்சு. குளிர்காலத்தில் அது நமக்கு இரவு 7.30. போனில் அப்படியே குறித்து வைத்திருந்தார். அன்றும் 7.30-க்கு வந்து உட்கார்ந்தார். கடைக்காரர் ஒரு மணி நேரம் முன்பே வந்து, பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

நடந்தது இதுதான். முந்தைய நாள் ஞாயிறு அதிகாலையில் அமெரிக்கா தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்துவிட்டது. கோடை வெளிச்சத்தை மாலையில் கூடுதலாகப் பயன்படுத்திக்கொள்ள அங்கே ஆண்டுதோறும் இப்படிச் செய்கிறார்கள். இந்தியாவில் அந்த வழக்கம் இல்லை. 82½ டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்ட நம் நேரம், கிரீன்விச்சைவிட எப்போதும் ஐந்தரை மணி நேரம் முன்னால் நிற்கிறது. நாம் அசையவில்லை, அவர்கள் நகர்ந்துவிட்டார்கள். பத்தரை மணி நேர இடைவெளி ஒன்பதரை ஆனது. நியூயார்க்கின் 9 மணி நமக்கு மாலை 6.30 ஆனது.

பிரிட்டனும் கடிகாரத்தை மாற்றும், ஆனால் அதே நாளில் அல்ல. அமெரிக்காவுக்கு மார்ச் இரண்டாவது ஞாயிறு, பிரிட்டனுக்கு மார்ச் கடைசி ஞாயிறு. அந்த வருடம் லண்டன் மாறியது மார்ச் 30-ல். இடைப்பட்ட மூன்று வாரமும் பதிப்பகத்துடன் பேசும் நேரம் பழையபடி பிற்பகல் 3.30-தான், அதன் பிறகே 2.30 ஆனது. அமெரிக்கா மாறியதும் லண்டனும் மாறியிருக்கும் என்று நினைத்திருந்தால், அங்கேயும் கணக்கு தப்பியிருக்கும்.

இப்போது அவர் சந்திப்பை இந்திய நேரத்தில் குறிப்பதில்லை. கூகுள் காலண்டரில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனியாக நேர மண்டலம் தேர்ந்தெடுக்கலாம். கடைக்காரரின் சந்திப்புக்கு நியூயார்க்கைத் தேர்ந்தெடுத்து, 9 மணி என்று போடுகிறார். அங்கே கடிகாரம் மாறினால் தென்காசியில் மணி அடிக்கும் நேரம் தானாக மாறிக்கொள்கிறது. ஊர்ப் பெயரைத்தான் நம்புகிறார், சுருக்கெழுத்தை அல்ல. `IST` என்றால் நமக்கு இந்திய நேரம். அயர்லாந்துக்காரருக்கும் இஸ்ரேல்காரருக்கும் அவரவர் ஊர் நேரம்.

கெடுவிலும் இதே கவனம். "வெள்ளிக்குள் வேண்டும்" என்று கடைக்காரர் சொன்னால், அவருடைய வெள்ளி மாலை 5 மணி கோடையில் நமக்குச் சனி அதிகாலை 2.30. அதனால் "வெள்ளி, உங்கள் நேரம் காலை 9-க்குத் தருகிறேன்" என்று பதில் எழுதிவிடுகிறார்.

ஒரு நாளில் இருவரும் விழித்து வேலை செய்யும் நேரம் மூன்று மணி நேரம்கூடத் தேறாது. ஆரம்பத்தில் காலை 11 மணிக்குச் சந்தேகம் வந்தால் "ஹாய்" என்று மட்டும் அனுப்புவார். அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். மாலை 6.30-க்கு "சொல்லுங்கள்" என்று பதில் வரும். இவர் கேள்வியை எழுதுவார். அதற்கு விடை வரும்போது நமக்கு இரவு 11.30. தூங்கிவிட்டிருப்பார். ஒரு நாள் போச்சு.

இப்போது முதல் செய்தியிலேயே எல்லாம் இருக்கிறது. அன்று அவர் அனுப்பியதைக் காட்டினார்: "ஆர்டர் பக்கத்தில் டெலிவரி கட்டணம் இரண்டு முறை கூடுகிறது. இரண்டு நிமிட வீடியோவில் பதிவு செய்திருக்கிறேன். காரணம், நேற்றுச் சேர்த்த கூப்பன் வசதி. அதை இப்போதைக்கு நிறுத்தி வைத்துள்ளேன். கூப்பன் உடனே தேவை என்றால் இன்று உங்கள் நேரம் 11 மணிக்குள் சொல்லுங்கள். பதில் இல்லையென்றால் நாளை சரிசெய்துவிட்டுத் திறப்பேன்." கடைக்காரர் எழுந்து பார்க்கும்போது பிரச்சினை, சான்று, எடுத்த முடிவு, கேள்வி எல்லாம் கையில் இருக்கும். அவர் பதில் போட மறந்தாலும் வேலை நிற்காது.

முன்பு தன் அறிமுகப் பக்கத்தில் "24 மணி நேரமும் கிடைப்பேன்" என்று எழுதியிருந்தார். அதை நம்பி இரவு இரண்டு மணிக்கெல்லாம் அழைப்பு வந்தது. இப்போது அங்கே இருப்பது: "தென்காசி, `UTC+5:30`. பிற்பகல் 1 முதல் இரவு 9 வரை." அதைப் படித்துவிட்டு வரும் வாடிக்கையாளர் முதல் நாளிலேயே தனக்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொள்கிறார்.

கிளம்பும்போது சுவர் காலண்டரைப் புரட்டிக் காட்டினார். மார்ச்சில் இரண்டு ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. நான்கு தாள்களிலும் ராகுகாலத்துக்குக் கீழே சிவப்பு மையில் ஊர்ப் பெயர் எழுதியிருந்தது.