45 டிகிரியில் திரும்பும் ஒளி

பெரிஸ்கோப்பிலும் பைனாகுலரிலும் ஒளியைத் திருப்பும் வேலையைப் பெரும்பாலும் செங்கோண முப்பட்டகங்கள் செய்கின்றன. இதன் குறுக்குவெட்டு, 90, 45, 45 டிகிரி கோணங்கள் கொண்ட முக்கோணம். 90 டிகிரிக்கு எதிரே இருக்கும் அகலமான முகம் கர்ணமுகம். மற்ற இரண்டும் சிறுமுகங்கள். ஒளியைத் திருப்பும் முகங்களுக்கு வெள்ளிப் பூச்சோ அலுமினியப் பூச்சோ தேவையில்லை. வெறும் கண்ணாடியே ஆடியாகிவிடுகிறது.

கண்ணாடியிலிருந்து காற்றுக்குள் வெளியேறும் கதிர், செங்குத்துக் கோட்டை விட்டு விலகி வளைகிறது. கண்ணாடிக்குள் அது முகத்தைத் தாக்கும் கோணம் கூடக்கூட வளைவும் கூடுகிறது. ஓர் எல்லையில், வெளிவரும் கதிர் முகத்தை ஒட்டியே செல்கிறது. அந்தக் கோணம்தான் மாறுநிலைக் கோணம். அதைத் தாண்டினால் ஒளி வெளியே வர வழியில்லை. முழுவதும் உள்ளேயே திரும்புகிறது. இதுவே முழு அக எதிரொளிப்பு. 1.52 ஒளிவிலகல் எண் கொண்ட சாதாரண ஒளியியல் கண்ணாடிக்கு மாறுநிலைக் கோணம் சுமார் 41 டிகிரி. முப்பட்டகத்தில் கதிர் தாக்குவதோ 45 டிகிரியில். இடையில் இருக்கும் 4 டிகிரி இடைவெளியை நம்பித்தான் இந்தக் கருவிகள் வேலை செய்கின்றன.

இதனால் கிடைக்கும் லாபம் சிறியதல்ல. அலுமினியம் பூசிய ஆடி, விழும் ஒளியில் ஏறத்தாழ 90 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். நான்கு முறை எதிரொளித்தால் மிஞ்சுவது சுமார் 66 சதவீதம். முழு அக எதிரொளிப்பில் அந்த இழப்பு இல்லை. காலப்போக்கில் கறுத்துப்போக, உரிந்துபோகப் பூச்சும் இல்லை.

பெரிஸ்கோப்பில் இரண்டு முப்பட்டகங்கள், குழாயின் மேலே ஒன்றும் கீழே ஒன்றும் இருக்கும். எதிரிலுள்ள காட்சியின் ஒளி, மேல் முப்பட்டகத்தின் சிறுமுகம் ஒன்றில் செங்குத்தாக நுழைகிறது. ஆகவே நுழையும்போது வளைவதில்லை. கர்ணமுகத்தை 45 டிகிரியில் தாக்கி, 90 டிகிரி திரும்பி, மற்றச் சிறுமுகம் வழியாகக் கீழே இறங்குகிறது. கீழ் முப்பட்டகம் அதை மறுபடி 90 டிகிரி திருப்பிக் கண்ணுக்கு அனுப்புகிறது. இரண்டு கர்ணமுகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதால், முதல் எதிரொளிப்பு புரட்டியதை இரண்டாவது நேராக்கிவிடுகிறது. பிம்பம் நிமிர்ந்தே இருக்கும், இடவலமும் மாறாது. பார்வைக் கோடு மட்டும் குழாயின் உயரத்துக்கு இடம்பெயர்கிறது. மேல் முப்பட்டகத்தை மட்டும் பக்கவாட்டில் சுழற்றினால் இந்த இணைநிலை கெட்டு, காட்சி சாய்ந்து தெரியும். எனவே எளிய பெரிஸ்கோப்பில் வேறு திசையைப் பார்க்க முழுக் குழாயையும் திருப்ப வேண்டும்.

குழாய் நீண்டால் வேறொரு சிக்கல் எழுகிறது. ஒளிப்பாதை 40 செ.மீ., திறப்பு 4 செ.மீ. என்றால் சுமார் 6 டிகிரி அகலக் காட்சி கிடைக்கும். 10 மீட்டர் நீளமும் 15 செ.மீ. அகலமும் உள்ள குழாயில் அது 1 டிகிரிக்கும் கீழே போய்விடும். அதனால்தான் நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப்பில் முப்பட்டகங்களுக்கு இடையே லென்ஸ் வரிசைகள் பொருத்தி, பிம்பத்தைக் கட்டம் கட்டமாகக் கீழே கொண்டுவருகிறார்கள். காட்சியை அகலமாக்கினால் 4 டிகிரி இடைவெளியும் குறுக்கே வருகிறது. வெளியே சுமார் 6 டிகிரிக்கு மேல் ஒரு பக்கம் சாய்ந்து வரும் கதிர், கர்ணமுகத்தை மாறுநிலைக் கோணத்துக்கும் குறைவாகத் தாக்கி வெளியே கசிந்துவிடும். அத்தகைய இடங்களில் கர்ணமுகத்துக்கு வெள்ளி பூசுவது ஒரு வழி.

பைனாகுலரில் முப்பட்டகத்தின் வேலை வேறு. இரண்டு குவிலென்ஸ்கள் கொண்ட கெப்ளர் வகைத் தொலைநோக்கி, காட்சியைத் தலைகீழாகவும் இடவலம் மாற்றியும் காட்டும். நட்சத்திரம் பார்க்க அது போதும். பறவை பார்க்க உதவாது. இத்தாலியரான இக்னாட்சியோ போரோ 1854-இல் காப்புரிமை பெற்ற முப்பட்டக அமைப்பு இதைச் சரிசெய்தது. ஆனால் அதற்கேற்ற தரமான கண்ணாடி பின்னர்தான் கிடைத்தது. ஜெர்மனியின் சைஸ் நிறுவனம், எர்ன்ஸ்ட் ஆபேயின் வடிவமைப்பில், 1894-இல் முப்பட்டக பைனாகுலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

போரோ அமைப்பில் ஒளி நுழைவதும் வெளியேறுவதும் கர்ணமுகத்தின் வழியாகவே. மேற்பாதியில் நுழையும் கதிர் ஒரு சிறுமுகத்தில் பட்டு, அடுத்த சிறுமுகத்தில் பட்டு, 180 டிகிரி திரும்பி, கீழ்ப்பாதி வழியே வந்த திசையிலேயே போகிறது. மேலே இருந்தது கீழே வருவதால் காட்சியின் மேல்கீழ் புரளுகிறது. இரண்டாவது முப்பட்டகத்தை முதலாவதற்குக் குறுக்காக, 90 டிகிரி சுழற்றி வைத்தால், அது இடவலத்தைப் புரட்டும். மொத்தம் நான்கு எதிரொளிப்புகள்; லென்ஸ் கவிழ்த்த காட்சி முழுமையாக நிமிர்ந்துவிடுகிறது. ஒளிப்பாதை மடிவதால் குழாயின் நீளம் குறைகிறது. முன் லென்ஸ்கள் கண்களைவிட விலகி அமைவதால் தூரப் பொருள்களின் ஆழமும் தெளிவாகப் புலப்படுகிறது.

இங்கும் அந்த 4 டிகிரி சோதிக்கப்படுகிறது. 50 மி.மீ. விட்டமும் 200 மி.மீ. குவியத் தூரமும் உள்ள முன் லென்ஸ், ஒளியைக் கூம்பாகக் குவித்து அனுப்புகிறது. கூம்பின் ஓரக் கதிர் நடு அச்சிலிருந்து சுமார் 7 டிகிரி சாய்ந்திருக்கும். கண்ணாடிக்குள் நுழைந்ததும் அது 4.7 டிகிரியாகச் சுருங்கும். எனவே ஒரு சிறுமுகத்தை அது 45-க்குப் பதில் 40.3 டிகிரியில் தாக்கும். மாறுநிலைக் கோணம் 41 என்பதால் அந்தக் கதிரின் ஒரு பகுதி கசிந்துவிடும். பேரியம் கலந்த பேக்-4 கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.57, மாறுநிலைக் கோணம் 39.6 டிகிரி. அதில் ஓரக் கதிரும் தப்பாது. விலை குறைந்த பைனாகுலர்களில் பிகே-7 கண்ணாடியும் தரமானவற்றில் பேக்-4 கண்ணாடியும் இருப்பதற்கு இதுவே காரணம்.

கருவியைப் பிரிக்காமலே இதைக் கண்டறியலாம். பைனாகுலரைக் கண்ணிலிருந்து ஒரு கை தூரம் தள்ளிப் பிடித்து, சூரியன் இல்லாத பக்கத்து வெளிச்சமான வானத்தை நோக்கித் திருப்பினால், கண்ணருகு லென்ஸில் ஒரு சிறு ஒளிவட்டம் தெரியும். வட்டம் ஓரம் வரை ஒரே பிரகாசமாக இருந்தால் கசிவு இல்லை. நான்கு ஓரங்களிலும் சாம்பல் நிழல் விழுந்து, பிரகாசமான பகுதி சதுரம் போலத் தெரிந்தால் ஒளி கசிகிறது என்று பொருள். ஒவ்வொரு முப்பட்டகமும் எதிரெதிரான இரண்டு ஓரங்களை வெட்டுவதால்தான் சதுரம் உருவாகிறது.

எதிரொளிக்கும் முகத்துக்கு வெளியே காற்று இருக்கும்வரைதான் இந்த ஏற்பாடு பலிக்கும். நீர் படிந்த இடத்தில் மாறுநிலைக் கோணம் 61 டிகிரிக்கு உயர்ந்துவிடும். 45 டிகிரியில் வரும் ஒளியின் பெரும்பகுதி நீருக்குள் போய்விடும். விரல் ரேகையின் எண்ணெய்ப் பசையும் பூஞ்சையும் இதே கேட்டைச் செய்கின்றன. மழைக்காலத்தில் உள்ளே ஈரம் புகுந்த பைனாகுலர் மங்குவதற்கு, லென்ஸில் படியும் ஆவியோடு இதுவும் சேர்கிறது. காற்றை அகற்றி உலர் நைட்ரஜன் நிரப்பி அடைத்த கருவிகளில் இந்தத் தொல்லை அரிது.

கீழே விழுந்த பைனாகுலரில் வருவது வேறு கோளாறு. ஒரு பக்கத்து முப்பட்டகம் இருப்பிடத்தை விட்டுச் சற்றே சரிந்தால், இரு கண்களின் காட்சியும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இரட்டையாகத் தெரியும். இரண்டு முப்பட்டகங்களுக்கு இடையே உள்ள குறுக்குக் கோணம் 90-இலிருந்து 1 டிகிரி பிசகினால், காட்சி 2 டிகிரி சாயும். தந்திக் கம்பத்தை ஒரு கண்ணால் மாற்றி ஒரு கண்ணால் பார்த்தால் சாய்வு தெரிந்துவிடும். அதற்கு முப்பட்டகத்தைத் துடைப்பது பயன்படாது. அதன் இருப்பிடத்தில் திரும்ப நேராக உட்கார வைக்க வேண்டும்.