கறுப்பு கோலாவும் பழுதான சிறுநீரகமும்

கோலாவின் சுள்ளென்ற புளிப்புக்குக் காரணம் பாஸ்பாரிக் அமிலம். எலுமிச்சை வகை பானங்களில் பெரும்பாலும் சிட்ரிக் அமிலம்தான் இருக்கும்.

ஒரு கேன் கோலாவில் ஏறக்குறைய 40 முதல் 60 மில்லிகிராம் பாஸ்பரஸ். ஒரு தம்ளர் பாலில் இதைவிட அதிகம் உண்டே என்று கேட்கலாம். ஆனால் பருப்பில் உள்ள பாஸ்பரஸில் பாதியளவுதான் குடலில் உறிஞ்சப்படும். சேர்மானமாகக் கலந்தது ஏறத்தாழ முழுவதும் ரத்தத்தில் சேரும். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. தோல் அரிக்கும், எலும்பு வலுவிழக்கும், ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படியும். ஆரம்பத்தில் அறிகுறியே தெரியாது. ரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

அமெரிக்காவின் ஒஹாயோவில் டயாலிசிஸ் செய்துகொண்ட 279 பேரிடம் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. ஒரு பிரிவினருக்குப் பாஸ்பேட் சேர்த்த உணவுகளை லேபிளில் கண்டறிந்து தவிர்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் அவர்களின் ரத்தப் பாஸ்பரஸ் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தது. மருந்தை மாற்றாமல், வாசிக்கக் கற்றதால் கிடைத்த பலன் இது!

லேபிளில் பாஸ்பரஸின் அளவு பெரும்பாலும் இருக்காது. சிறுநீரக நோயாளிகளே, 338 என்ற எண்ணைத் தேடுங்கள். இருந்தால் அந்தப் பாட்டிலை வாங்காதீர்கள். சர்க்கரையில்லாத ‘டயட்’ கோலாவிலும் இதே அமிலம் உண்டு.