60,000 ஐ.யு. என்றால் எத்தனை மைக்ரோகிராம்?

வைட்டமின் டி குறைபாட்டுக்கு இந்தியாவில் மருத்துவர்கள் அடிக்கடி எழுதித் தருவது, வாரம் ஒருமுறை சாப்பிடும் 60,000 ஐ.யு. மாத்திரை. அமெரிக்க டப்பாக்களிலோ மைக்ரோகிராம் கணக்குதான் முன்னால் நிற்கிறது.

வைட்டமின் டியில் 40 ஐ.யு. சேர்ந்தால் 1 மைக்ரோகிராம். ஆகவே 60,000-ஐ 40-ஆல் வகுத்தால் 1,500 மைக்ரோகிராம். தினசரி மாத்திரையின் 1,000 ஐ.யு. வெறும் 25 மைக்ரோகிராம்தான்.

இந்த 40 மற்ற வைட்டமின்களுக்குச் செல்லாது. ஐ.யு. எடையைச் சொல்வதில்லை, உடலில் அந்தப் பொருள் செய்யும் வேலையைச் சொல்கிறது. வைட்டமின் ஏ-யின் ரெட்டினால் வடிவத்தில் 1 ஐ.யு. என்பது 0.3 மைக்ரோகிராம். அதனால் அதில் 5,000 ஐ.யு.வே 1,500 மைக்ரோகிராம் ஆகிவிடும்.

லேபிளில் 'எம்.சி.ஜி.' என்றிருப்பதை 'எம்.ஜி.' என்று படித்தால் ஆபத்து. 25 மில்லிகிராம் வைட்டமின் டி என்பது 10 லட்சம் ஐ.யு.