விலகிய கூட்டாளியும் விலகாத கடனும்



செய்தித்தாளின் உட்பக்கங்களில், சிறிய எழுத்துக்களில், ஒரு வகை அறிவிப்பை நீங்கள் கண்டிருக்கலாம். 'எங்கள் கூட்டு வாணிகத்தினின்று இன்னார் இன்ன தேதியில் விலகிவிட்டார். இனி அவருக்கும் நிறுவனத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை' என்று அதில் எழுதியிருக்கும். அதை வெளியிட்டவர் பெரும்பாலும் நிம்மதியாக உறங்கச் சென்றிருப்பார். அந்த நிம்மதி எவ்வளவு தூரம் நியாயமானது என்பதை இன்று ஆராய்வோம்.

கூட்டு வாணிகம் நம் நாட்டில் 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தால் ஆளப்படுகிறது. அச்சட்டத்தின் அடிப்படையை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். கூட்டாளிகளை நீக்கிவிட்டுப் பார்த்தால் நிறுவனம் என்று தனியே ஒன்று இல்லை. கூட்டாளிகள் அனைவரையும் சேர்த்து அழைக்கும் பெயரே நிறுவனம். ஆகையால் நிறுவனத்தின் கடன் என்பது கூட்டாளிகளின் கடனே. அதுவும் எப்படிப்பட்ட கடன்? ஒருவர் கூட்டாளியாக இருந்த காலத்தில் நிறுவனம் செய்த ஒவ்வொரு செயலுக்கும் அவர் மற்றவர்களோடு சேர்ந்தும் பொறுப்பாளி, தனித்தும் பொறுப்பாளி என்று 25-ஆம் பிரிவு கூறுகிறது. மூவர் கூட்டில் ஒருவருக்கு மூன்றில் ஒரு பங்குதானே என்று கடன் கொடுத்தவர் நிற்க வேண்டியதில்லை. முழுத் தொகையையும் மூவரில் வசதியுள்ள ஒருவரிடமே கேட்கலாம். கடையிலுள்ள சரக்கு போதாவிடில் அவர் குடியிருக்கும் வீட்டின்மேலும் கை வைக்கலாம்.

இனி, நாமாக அமைத்துக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஈரோட்டில் மூவர் கூடிக் கைத்தறிப் போர்வை நெய்வித்து விற்கிறார்கள். நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. பங்கு மூவருக்கும் சமம். நூலை ஒரு நூல் வணிகரிடமும் சாயத்தை ஒரு சாய வணிகரிடமும் கடனாக வாங்குகிறார்கள். அவ்விருவருக்கும் இம்மூவரும் கூட்டாளிகள் என்பது நன்றாகத் தெரியும். 2022 மார்ச்சு 31-ஆம் நாள் மூத்தவர் மற்ற இருவரின் சம்மதத்தோடு விலகிக்கொள்கிறார். அன்று நூல் வணிகருக்குத் தர வேண்டிய பழைய பாக்கி 90,000 ரூபாய். மூவரும் ஒரு விலகல் பத்திரம் எழுதிக்கொள்கிறார்கள். 'நிறுவனத்தின் சொத்துக்களும் கடன்களும் இனி எஞ்சிய இருவரையே சேரும்' என்பது அதில் ஒரு வாசகம். மூத்தவர் தம் முதலைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகிறார்.

பத்திரம் பெட்டியில் இருக்கிறது. பொது அறிவிப்பு மட்டும் கொடுக்கப்படவில்லை. மே மாதத்தில் எஞ்சிய இருவரும் அதே நூல் வணிகரிடம் 60,000 ரூபாய்க்கு நூல் வாங்குகிறார்கள். சூன் மாதத்தில் மூத்தவர், பழைய பழக்கத்தாலோ வேறு எண்ணத்தாலோ, சாய வணிகரிடம் சென்று நிறுவனத்தின் பெயரில் 15,000 ரூபாய்க்குச் சாயம் எடுத்துக்கொண்டு போகிறார். சூலை நடுவில்தான் அறிவிப்புகள் யாவும் முறைப்படி நிறைவேறுகின்றன. ஆகசுடு மாதத்தில் இருவரும் மேலும் 40,000 ரூபாய்க்கு நூல் வாங்குகிறார்கள். அதன்பின் வாணிகம் தளர்ந்து, கடன்காரர்கள் வாசலுக்கு வருகிறார்கள். யார் எதற்குப் பொறுப்பு?

பழைய பாக்கியான 90,000 ரூபாயிலிருந்து தொடங்குவோம். எஞ்சிய இருவரும் இதில் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: 'அந்த நூலுக்கு உத்தரவு கொடுத்தவர் மூத்தவர், கணக்குப் பார்த்தவரும் அவரே, அவரைப் போய்க் கேளுங்கள். இப்போதிருப்பது புது நிறுவனம், பெயர்ப்பலகையைக்கூட மாற்றிவிட்டோம்.' இது எடுபடாது. நூல் வாங்கிய நாளில் இவர்களும் கூட்டாளிகளே. வாங்கியது நிறுவனத்தின் தொழிலுக்கே. உத்தரவு எழுதிய கை எவருடையது என்பது கடன் கொடுத்தவருக்குத் தேவையற்ற செய்தி. ஒருவர் வெளியேறியதால் இருந்தவர்களின் கடன் ஒரு காசும் குறைவதில்லை. 90,000 ரூபாயும் இவ்விருவரில் எவரிடமும் முழுமையாகக் கேட்கத்தக்கதே.

மூத்தவர் மட்டும் தப்பினாரா? அவரும் தப்பவில்லை. விலகல் பத்திரம் மூவருக்குள் எழுதியது. நூல் வணிகர் அதில் கையெழுத்திடவில்லை. தாம் கையெழுத்திடாத பத்திரத்தால் அவருடைய உரிமை குறையாது. செய்தித்தாள் அறிவிப்பும் இங்கே உதவாது. ஏனெனில் அறிவிப்பு என்பது வரப்போகும் கடன்களுக்குப் போடும் வேலியே அன்றி, வந்துவிட்ட கடனைத் துடைக்கும் கருவி அன்று. இந்த ஒரு வேறுபாட்டை அறியாமையால் விளையும் துன்பங்களே மிகுதி. அப்படியானால் பத்திர வாசகத்தால் பயன் என்ன? நூல் வணிகர் மூத்தவரிடம் 90,000 ரூபாயையும் வாங்கிவிட்டால், மூத்தவர் அந்தப் பத்திரத்தைக் காட்டி அவ்விருவரிடமும் முழுத் தொகையையும் திரும்பக் கேட்கலாம். அவர்களிடம் பணம் இருந்தால் கிடைக்கும்; இல்லையேல், பத்திரம் கையில் இருக்கும்.

மூத்தவர் பழைய கடனிலிருந்து உண்மையாகவே விடுபட ஒரு வழியைச் சட்டம் 32-ஆம் பிரிவில் காட்டுகிறது. அவரும், கடன் கொடுத்தவரும், மாற்றியமைந்த நிறுவனத்தின் கூட்டாளிகளும் ஆகிய முத்திறத்தாரும் உடன்பட வேண்டும். அந்த உடன்பாடு எழுத்தில் இருப்பது சாலச் சிறந்தது. எழுத்தில் இல்லாவிடினும் நடத்தையிலிருந்து அதை ஊகிக்கலாம் என்றும் சட்டம் இடங்கொடுக்கிறது. நூல் வணிகர் விலகல் செய்தியை அறிந்த பிறகு பழைய பேரேட்டுக் கணக்கை முடித்து, பாக்கியை இருவர் பெயரிலான புதுக்கணக்கில் ஏற்றி, அவ்விருவரிடம் புதிய கடன் பத்திரமும் எழுதி வாங்கிக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். இவற்றைக் கொண்டு, மூத்தவரை அவர் விடுவித்துவிட்டார் என்று வாதாட இடமுண்டு. விலகலுக்குப் பின்னும் வழக்கம்போல் சரக்குக் கொடுத்துவந்தார் என்பது மாத்திரம் அவ்வளவு தூரம் நம்மைக் கொண்டுசெல்லாது.

அடுத்தது மே மாதத்து 60,000 ரூபாய். அப்போது மூத்தவர் கடைப்பக்கமே வரவில்லை. இலாபத்திலும் அவருக்குப் பங்கில்லை. எனினும் பொது அறிவிப்புக் கொடுக்கப்படும்வரை, விலகியவரும் மற்றக் கூட்டாளிகளும் கூட்டாளிகளாகவே பொறுப்பேற்க வேண்டும் என்பது சட்டம். மூவரையும் நம்பி நூல் கொடுத்தவருக்கு, நம்பிக்கையின் ஒரு தூண் அகன்றுவிட்டது என்று எவரும் சொல்லவில்லையே! ஆகவே இந்த 60,000 ரூபாய்க்கும் மூத்தவர் பொறுப்பாளிதான். இதற்கு ஒரு விலக்கு உண்டு. மூத்தவர் கூட்டாளியாக இருந்ததையே அறியாத ஒரு புதியவர் சரக்குக் கொடுத்திருந்தால், அவர் மூத்தவரைப் பற்ற முடியாது. இறப்பு வேறு வகை. கூட்டாளி இறந்துவிட்டால், அதற்குப் பிறகு நிறுவனம் செய்யும் செயல்களுக்கு அவருடைய சொத்துப் பொறுப்பாகாது. அதற்கு அறிவிப்பும் வேண்டுவதில்லை.

சூன் மாதத்துச் சாயக் கணக்கு எஞ்சியவர்களைத் திடுக்கிட வைக்கும். அறிவிப்பு என்பது விலகியவருக்கு மட்டுமே வேண்டிய பாதுகாப்பு என்று பலரும் எண்ணுகிறார்கள். சட்டத்தின் சொற்கள் அப்படி இல்லை. அவர்களுள் 'எவர்' செய்த செயலும், விலகலுக்கு முன் செய்திருந்தால் நிறுவனத்தின் செயலாக இருந்திருக்குமாயின், எல்லாரையும் கட்டும். போர்வை நெய்விக்கும் நிறுவனத்துக்குச் சாயம் வாங்குவது அன்றாடச் செயல். சாய வணிகருக்கு மூத்தவர் இன்னும் கூட்டாளிதான். எனவே அந்த 15,000 ரூபாயை எஞ்சிய இருவரிடமும் கேட்க அவருக்கு உரிமை உண்டு. மூத்தவர் தங்க நகை வாங்கியிருந்தால் கதை வேறு; அது போர்வை நிறுவனத்தின் வழக்கமான செயலாகாது. ஆகசுடு மாதத்து 40,000 ரூபாய்க்கு வந்தால், அங்கே அறிவிப்பு நிறைவேறிவிட்டது. அந்தக் கடன் எஞ்சிய இருவரோடு நின்றுவிடுகிறது.

அறிவிப்பு 'முறைப்படி' நிறைவேறுவது என்றேனே, அது 72-ஆம் பிரிவில் உள்ளது. பதிவு செய்த நிறுவனமானால் மூன்று காரியங்கள் நடந்தாக வேண்டும். நிறுவனங்களின் பதிவாளருக்கு விலகிய தேதியைக் குறித்து அறிவிக்க வேண்டும். அரசிதழில் வெளியிட வேண்டும். வாணிகம் நடக்கும் மாவட்டத்தில் உலவும் வட்டார மொழிச் செய்தித்தாள் ஒன்றிலேனும் வெளியிட வேண்டும். ஈரோட்டு நிறுவனத்துக்கு ஆங்கில நாளிதழில் மட்டும் விளம்பரம் செய்வது போதாது. தமிழ்ச் செய்தித்தாள் வேண்டும். பதிவு செய்யாத நிறுவனத்துக்குப் பதிவாளர் அறிவிப்பு இல்லை. மற்ற இரண்டும் உண்டு. செய்தித்தாளோடு நின்றுவிட்டு, அரசிதழை மறந்தவர்கள் வழக்கு வந்த பிறகே அதை நினைக்கிறார்கள். இந்த அறிவிப்பை விலகியவரே கொடுக்கலாம். எஞ்சியவர்களில் எவரும் கொடுக்கலாம். 'அவர்கள் செய்வார்கள்' என்று மூத்தவரும், 'அவர் செய்திருப்பார்' என்று இவர்களும் இருந்ததனால்தான் நம் எடுத்துக்காட்டில் மூன்றரை மாதம் கழிந்தது. இவற்றோடு, பேரேட்டிலுள்ள ஒவ்வொரு கடன்காரருக்கும் பதிவு அஞ்சலில் ஒரு கடிதம் அனுப்புவது என் கருத்தில் விவேகமானது. அது பொது அறிவிப்புக்கு ஈடாகாது. ஆனால் செய்தி எந்த நாளில் எட்டியது என்பதற்குச் சான்றாகும்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. கணக்கியல் பயிலும் மாணவர்கள் இதைச் சற்றுக் கூர்ந்து கேட்கலாம். நூல் வணிகருக்கு 90,000, 60,000, 40,000 ஆக மொத்தம் 1,90,000 ரூபாய் பாக்கி. செப்டம்பரில் எஞ்சிய இருவரும் 70,000 ரூபாய் கொடுக்கிறார்கள். எந்தக் கடனுக்கு? கொடுப்பவர் குறிப்பிட்டுச் சொல்லி, பெறுபவர் அதை ஏற்றுக்கொண்டால் அந்தக் கடனுக்கே வரவு வைக்க வேண்டும். கொடுப்பவர் எதையும் தெரிவிக்காவிடில், பெறுபவர் தம் விருப்பப்படி வரவு வைக்கலாம். இருவருமே ஒன்றும் செய்யாவிடில் பழைய கடன் முதலில் தீரும். இவை 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் உள்ள விதிகள். இவற்றுள் கடைசி விதியை 1816-இல் இங்கிலாந்தில் முடிவான கிளேட்டன் வழக்கு புகழ்பெறச் செய்தது. அங்கே ஒரு வங்கியின் கூட்டாளி இறந்தபின், எஞ்சியவர்கள் வங்கியை நடத்தி நொடித்துப்போனார்கள். இறந்த நாளில் கிளேட்டனுக்கு இருந்த பாக்கியைவிட மிகுதியாக அவர் பிற்பாடு எடுத்துவிட்டதனால், பழைய கடன் தீர்ந்தது என்றும் இறந்தவரின் சொத்துக்குப் பொறுப்பில்லை என்றும் முடிவாயிற்று.

நம் மூத்தவருக்கு இதனால் என்ன? 70,000 ரூபாயும் பழைய பாக்கியில் கழிந்தால், அதில் 20,000-உம் மே மாதத்து 60,000-உம் சேர்ந்து 80,000 ரூபாய் நூல் கடன் அவர் தலையில் நிற்கும். எவரும் குறிப்பிடாததனால் நூல் வணிகர் ஆகசுடு மாதத்து 40,000 ரூபாயை முதலில் தீர்த்து, மீதி 30,000-ஐ மே மாதக் கணக்கில் வரவு வைத்தால், அவர் தலையில் நிற்பது 1,20,000 ரூபாய். அவர் அன்று கடையிலும் இல்லை, பணம் கொடுத்தவரும் அல்லர். ஆயினும் பணத்தோடு அனுப்பும் கடிதத்தில் 'இத்தொகை 2022 மார்ச்சு 31 வரையுள்ள பாக்கிக்கு' என்று எஞ்சியவர்கள் ஒரு வரி எழுதுவதும் எழுதாததும் அவருக்கு 40,000 ரூபாய் வேறுபாடு. அப்படி எழுதியே பணம் அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையை விலகல் பத்திரம் எழுதும் நாளிலேயே அதில் சேர்த்துக்கொள்ளத் தடை ஒன்றும் இல்லை.