முதல் தண்ணி கொல்லைக்கு வேண்டாம்

ஜனவரி 28-ல் மேட்டூரை மூடினா எங்க அம்மாப்பேட்டைப் பக்கம் வாய்க்கால் காஞ்சிடும். அதுக்கப்புறம் கொல்லைக்கு மோட்டார் தண்ணிதான். வீட்டுல நாலு பேர் குளிக்கிற தண்ணியை வாளிக் கணக்கில் அளந்து பார்த்தேன், ஒரு நாளைக்கு 160 லிட்டர் வந்தது. வாஷிங் மெஷின் ஓடுற நாளில் இன்னும் நூறு லிட்டருக்கு மேல் சேரும். இதெல்லாம் சாக்கடையில் போவதைப் பார்த்துத்தான் குழாயைத் திருப்பினேன்.

கழிப்பறைக் குழாயைத் தொடவில்லை, அது தனியாகவே செப்டிக் டேங்குக்குப் போகிறது. குளியலறைத் தண்ணிக்கு மட்டும் ஒன்றரை இஞ்ச் பிவிசி குழாய், அடிக்குக் கால் இஞ்ச் சரிவு. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து, அடியில் ஜல்லி, அதன்மேல் அடுப்புக்கரி, கொசுவலை விரித்து மேலே ஆற்றுமணல். டிரம் வாயில் ஒரு நைலான் பை. முடி, நூல், அழுக்கெல்லாம் அதில் தங்கிவிடும். வாரம் ஒருமுறை உதறிப்போட வேண்டியது, மறந்தால் மணல் மேல் ஏடு படிந்து தண்ணி வழியும். அடிக்குழாய் வழியாக வருகிற தண்ணி நேரே வாழைக்கும் சேம்புக்கும் போகும். தொட்டியில் சேர்த்து வைப்பதில்லை. ஒரு நாள் நின்றாலே நாற ஆரம்பிச்சிடுது.

மெஷின் தண்ணியையும் அதே டிரம்மில் விட்டதுதான் தப்பு. எலுமிச்சைக்கும் ஒரு கிளைக் குழாய் கொடுத்திருந்தேன். ஒரு கோடை முழுக்கப் பாய்ந்தது. இலை ஓரம் கருகி வந்ததும் தண்ணி பத்தலைன்னு நினைச்சு இன்னும் விட்டேன். பாத்தியில் தண்ணி மணிக்கணக்கில் இறங்காமல் நின்றது, காய்ந்ததும் மேலே வெள்ளைப் படலம். கடைசியில் மரம் போச்சு. பத்து வருஷ மரம்.

மண் கட்டியைப் போட்டுப் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. எலுமிச்சையடியிலிருந்து ஒரு காய்ந்த கட்டி, வேலி ஓரத்திலிருந்து ஒன்று, இரண்டையும் இரண்டு கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணி ஊற்றிப் போட்டேன். வேலி ஓரத்துக் கட்டி உதிர்ந்து அடியில் உட்கார்ந்தது, மேலே தண்ணி தெளிவு. எலுமிச்சையடிக் கட்டி மறுநாளும் பால் மாதிரி கலங்கியே கிடந்தது. மண் களராகிவிட்டது. சலவைத்தூளில் சோடாவும் சோடியம் உப்புகளும் நிறைய இருக்கு. அந்தச் சோடியம் களிமண்ணில் ஒட்டிக்கொண்டால் மண் துகள் பிரிந்து, இடைவெளியை அடைத்து, தண்ணியும் காற்றும் இறங்காது. டிரம்மில் இருக்கும் மணலும் கரியும் அழுக்கைப் பிடிக்கும், நாற்றத்தைக் குறைக்கும். கரைந்த சோடா அதைத் தாண்டி வந்துவிடும்.

சென்னையில் வேதியியல் அறிஞர் இந்துகாந்த் ரகடே குளியல், துவைப்புத் தண்ணியைத் தனிக் குழாயில் எடுத்து, கல்வாழைப் பாத்தியில் விடச் சொல்லி, அடுக்குமாடி வீடுகளில் செய்தும் காட்டியவர். கல்வாழை ஈரத்தைத் தாங்கும். ஆனா தண்ணி கீழே இறங்குகிற மண்ணில்தான் உப்பும் சேர்ந்து கழுவிப் போகும். நம்ம களிமண்ணில் அப்படியே தங்கிவிடும்.

மெஷின் ஒரு சலவைக்கு மூன்று தடவை தண்ணி தள்ளும். மூன்றையும் தனித்தனியாகப் பிடித்து ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டேன். முதல் தண்ணி குங்குமமா சிவந்துட்டுது. இரண்டாவது லேசா ஆரஞ்சு. மூன்றாவது மஞ்சளாவே இருந்தது. சோடா எதில் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. (சாதா உப்பை மஞ்சள் காட்டிக்கொடுக்காது, அதுக்கு மண் கட்டிச் சோதனையை வருஷம் ஒரு தடவை செய்கிறேன்.)

இப்போ மெஷினுக்கு அருகே மூன்றடி உயரத்தில் வாய் திறந்த இரண்டு குழாய் நிற்கிறது. ஒன்று சாக்கடைக்கு, இன்னொன்று டிரம்முக்கு. முதல் தண்ணி போகிற சத்தம் அடங்கியதும் வீட்டுக்காரம்மா ஹோஸை மாற்றிப் போடுவாங்க. ஹோஸை நீளமாக்கி நேரே தோட்டத்துக்கு இழுக்கக் கூடாது, மெஷின் பம்பு அவ்வளவு தூரம் தள்ளாது. வாயைத் தரையில் போட்டாலும் நிரம்ப நிரம்ப வடிஞ்சுடும். குழந்தை மலத்துணி துவைக்கிற நாளில் மூன்று தண்ணியும் சாக்கடைக்குத்தான்.

எலுமிச்சை இருந்த பாத்தியைக் கொத்தி, நாலடி வட்டத்துக்கு ஒரு கிலோ ஜிப்சம் கலந்து, வடிய ஒரு சால் வெட்டி, ஐப்பசி மழையில் கழுவ விட்டேன். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிடும், மழை அதைக் கழுவிக்கொண்டு போகும். ஐப்பசி, கார்த்திகையில் குளியல் தண்ணியையும் தோட்டத்துக்கு விடுவதில்லை, மண்ணே ஊறிக் கிடக்கும். கீரைப்பாத்திக்கு எப்போதும் கிடையாது.

இந்தத் தையில் அந்த இடத்து மண் கட்டியை மறுபடி டம்ளரில் போட்டேன். கலங்கல் பாதியாகக் குறைந்திருக்கு. இன்னொரு மழைக்காலம் போகட்டும்னு எலுமிச்சைக் கன்றை இன்னும் பையிலேயே வைத்திருக்கிறேன்.