கடைசி இருபது வினாடியில் என்ன எழுதுவது?

ஜாக்கெட் துணி வெட்டுவதைச் சொல்லித்தரும் ஒரு யூடியூப் வீடியோவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது நிமிடம் ஓடுகிறது. முன்பக்கம், பின்பக்கம், கை, பட்டி எல்லாவற்றையும் வெட்டி மேசையில் பரப்பியாகிவிட்டது. சொல்லித்தருகிற அக்கா கைகூப்பி, "அவ்வளவுதாங்க, வீடியோ பிடிச்சிருந்தா லைக் பண்ணுங்க, நன்றி வணக்கம்" என்கிறார். அதன்பிறகுதான் திரையில் இரண்டு பெட்டிகள் எழுகின்றன. அவற்றில் ஒன்று, வெட்டிய துணியைத் தைப்பது எப்படி என்ற அடுத்த வீடியோ. அதைப் பார்க்க வேண்டியவர்களில் பாதிப்பேர் "அவ்வளவுதாங்க" என்ற சொல்லிலேயே வெளியேறியிருப்பார்கள்.

அந்தப் பெட்டிகளுக்கு எண்ட் ஸ்கிரீன் என்று பெயர். வீடியோவின் கடைசி 5 முதல் 20 வினாடிக்குள் மட்டுமே இவற்றை வைக்க முடியும். வீடியோ குறைந்தது 25 வினாடி நீளம் இருக்க வேண்டும். வழக்கமான அகலத் திரை வீடியோவில் நான்கு பெட்டிகள் வரை வைக்கலாம். குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்பட்ட வீடியோக்களில் இந்த வசதியே கிடையாது.

பெட்டியின் மேல் நம் விருப்பப்படி எழுத எந்த இடமும் இல்லை என்பது புதிதாக வருபவர்களுக்குத் தெரிவதில்லை. முன்பு அனோட்டேஷன் என்று ஒன்று இருந்தது. வீடியோவின் மேல் எந்த இடத்திலும் கட்டம் போட்டு எதை வேண்டுமானாலும் எழுதலாம், அதிலேயே இணைப்பும் கொடுக்கலாம். ஆனால் அது செல்போனில் வேலை செய்யவில்லை. 2017 மே மாதத்தில் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். 2019 ஜனவரி 15 முதல் பழையவையும் மறைந்துவிட்டன. எனவே இன்று எண்ட் ஸ்கிரீனுக்கான வாசகத்தை எழுத நமக்கு இருப்பது மூன்று இடங்கள்: வாயால் சொல்வது, எடிட்டிங்கின்போது படத்திலேயே பதிக்கும் எழுத்து, அடுத்த வீடியோவின் தலைப்பும் முகப்புப் படமும். மூன்றும் ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

எந்த விஷயத்தை? பார்ப்பவரின் மனதில் அந்த நேரத்தில் எழும் கேள்வியைத்தான். "அடுத்த வீடியோவைப் பாருங்கள்" என்று பதித்தால் அது யாருடைய கேள்விக்கும் பதிலாகாது. துணி வெட்டி முடித்தவருக்கு இருக்கும் பயம் ஒன்றே ஒன்று: கையைச் சேர்க்கும்போது கை குழியில் சுருக்கம் விழுந்துவிடுமே. ஆகவே அக்காவின் முடிவுரையை இப்படி மாற்றி எழுதலாம்: "எல்லாம் வெட்டியாச்சு. இனிமே கையைச் சேர்க்கும்போதுதான் நிறையப் பேருக்குக் கை குழியில சுருக்கம் விழுது. அது விழாம தைக்கறதை இந்தப் பக்கம் இருக்கற வீடியோல காட்டியிருக்கேன்." நிதானமாகச் சொன்னால் பத்து, பன்னிரண்டு வினாடி ஆகும். இரண்டாவது வாக்கியத்தை எடுக்கும்போதே பெட்டி எழ வேண்டும். பெட்டிக்கு மேலே பெரிய எழுத்தில் "கையில் சுருக்கம் விழாமல் தைக்க" என்று பதித்துவிட வேண்டும். நன்றி சொல்வதானால் இதற்கெல்லாம் பிறகு சொல்லட்டும். வணக்கம் காதில் விழுந்ததும் விரல் தானாக வேறு வீடியோவைத் தேடிப் போய்விடும்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. பெட்டியில் எந்த வீடியோ வர வேண்டும் என்று யூடியூப் ஸ்டூடியோ கேட்கும்போது Most recent upload, Best for viewer, Choose specific video என மூன்று வழிகள் வரும். முதலாவதைத் தேர்ந்தெடுத்தால், பெட்டியில் எப்போதும் சேனலின் ஆகக் கடைசி வீடியோ வரும். வாசகத்தைப் பதித்த அன்று அது தையல் வீடியோவாக இருந்திருக்கும். அடுத்த வாரம் சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பதைப் பற்றி ஒரு வீடியோ போட்டால், "கையில் சுருக்கம் விழாமல் தைக்க" என்ற எழுத்துக்குக் கீழே சேலை ஃபால்ஸ் வந்து உட்கார்ந்திருக்கும். நம்பித் தட்டியவர் ஏமாறுவார். இரண்டாவது வழியில் ஆளுக்கு ஆள் வெவ்வேறு வீடியோ வரும்; அதற்குப் பெயர் சொல்லி எழுதவே முடியாது. பெயர் சொல்லி எழுதுவதென்றால் மூன்றாவது வழிதான்.

தையல் வீடியோ இன்னும் எடுக்கப்படவில்லை என்றாலும் வாசகத்தைப் பதித்துவிடலாம், "புதன்கிழமை வரும்" என்று மட்டும் பதிக்கக் கூடாது. படத்தில் பதித்த எழுத்தைப் பின்னால் மாற்ற முடியாது. பெட்டியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அந்த வீடியோ ஏறிய அன்று திரும்ப வந்து பெட்டியைச் சேர்த்தால் போதும்.

கார்டு கொஞ்சம் வேறு மாதிரி. வீடியோ ஓடும்போது மேல் வலது மூலையில் ஒரு சிறு வாசகம் சில வினாடி எட்டிப்பார்த்து மறையுமே, அதுதான். ஒரு வீடியோவுக்கு ஐந்து வரை வைக்கலாம். இங்கே எழுத இடம் உண்டு, ஆனால் 30 எழுத்துக்குள். தமிழில் எழுதுபவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். நாம் "கு" என்பதை ஓர் எழுத்தாக எண்ணுகிறோம். கணினி அதை க, உகரக் குறி என்று இரண்டாக எண்ணுகிறது. புள்ளி வைத்த "க்" என்பதும் இரண்டுதான்.

"அளவு ப்ளவுஸிலிருந்து அளவு எடுப்பது" என்று எழுதிப் பாருங்கள். இடைவெளியையும் சேர்த்து நம் கணக்கில் 22தான். கணினியின் கணக்கில் 34, பெட்டி ஏற்காது. "அளவு ப்ளவுஸில் அளவு எடுக்க" என்றால் 26, இடம் போதும். "அளவு எடுப்பது எப்படி?" என்றால் 21. வேற்றுமை உருபு நீளும்போதும் ஒற்று மிகும்போதும் இடம் கரைகிறது என்பது இரண்டு நாள் எழுதினால் கைக்குப் பழகிவிடும்.

கார்டை எங்கே வைப்பது என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. தட்டியவர் இந்த வீடியோவை விட்டுப் போய்விடுகிறார். ஆகவே முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதற்குத்தான் கார்டு. அடுத்து செய்ய வேண்டியதற்கு எண்ட் ஸ்கிரீன். வெட்டும் வீடியோவில் முதல் நிமிடத்திலேயே அக்கா, "அளவு ப்ளவுஸ்ல எடுத்த அளவை இப்ப துணியில மார்க் பண்றோம்" என்கிறார். அளவு எடுக்கத் தெரியாதவர் திகைக்கும் இடம் அதுதான். அந்த வாக்கியம் முடிகிற வினாடியில் கார்டு எட்டிப்பார்க்கட்டும். "அளவு எடுக்கத் தெரியலன்னா மேல வர்றதைத் தொடுங்க" என்று வாயாலும் சொல்லட்டும். கை குழிக்கு வளைவு வரையும்போது கார்டு வேண்டாம். அங்கே பார்ப்பவரின் கண் சாக்பீஸ் மேல் இருக்க வேண்டும். கடைசி இருபது வினாடியிலும் பயனில்லை. எண்ட் ஸ்கிரீன் ஓடும்போது கார்டு வாசகம் காட்டப்படுவதில்லை.

வாசகம் வேலை செய்ததா என்பதை ஸ்டூடியோவில் இரண்டு இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும். பார்ப்பவர்கள் எந்த இடத்தில் எவ்வளவு பேர் இருந்தார்கள் என்று காட்டும் கோடு ஒன்று. எண்ட் ஸ்கிரீன் பெட்டியை எத்தனை சதவீதம் பேர் தட்டினார்கள் என்பது மற்றொன்று. பெட்டி எழுவதற்கு முன்பே கோடு செங்குத்தாக விழுந்திருந்தால் பேச்சில்தான் குறை. எந்தச் சொல்லில் விழுகிறது என்று அந்த இடத்தை ஓடவிட்டுக் கேளுங்கள். கோடு விழவில்லை, ஆனால் யாரும் தட்டவில்லை என்றால், ஆட்கள் இருந்தும் அழைப்பு அவர்களைத் தொடவில்லை. அப்போது முதலில் மாற்ற வேண்டியது அடுத்த வீடியோவின் முகப்புப் படத்தை. செல்போன் திரையில் அந்தப் பெட்டி சின்னது. முகப்புப் படத்தின் பெரிய எழுத்துதான் கண்ணில் படும். "ப்ளவுஸ் தையல் - பாகம் 2" என்று இருந்ததை "கை சுருக்கம் வராது" என்று மாற்றிவிட்டு இரண்டு வாரம் பொறுத்து அதே சதவீதத்தைப் பாருங்கள். ஏறவில்லை என்றால், வெட்டி முடித்தவரின் பயம் கையைப் பற்றியதல்ல, வேறு எதையோ பற்றியது. அது எது என்று கருத்துப் பகுதியில் வருகிற கேள்விகளைப் படித்தால் தெரிந்துவிடும். பெரும்பாலும் அது கழுத்தாக இருக்கும்.